வோட்ச் 38 என்று காட்டினால்: இதயத்துடிப்பு எச்சரிக்கைகளைப் பதறாமல் கையாள்வது

ஸ்மார்ட் வோட்ச்சைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால் ஒரு பச்சை வெளிச்சம் படபடவென்று மின்னுவது தெரியும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இதயம் ஒரு தடவை அடித்து இரத்தத்தைத் தள்ளியதும் மணிக்கட்டுத் தோலுக்குக் கீழே சிறிது இரத்தம் கூடுகிறது, திரும்பி வரும் பச்சை ஒளி குறைகிறது. அடுத்த நொடியில் இரத்தம் வடிய, ஒளி கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் வோட்ச் நிமிடத்துக்கு 72 என்றோ 110 என்றோ சொல்கிறது. அதாவது அது எண்ணுவது மணிக்கட்டுவரை வந்து சேர்ந்த நாடியை. இதயத்துக்குள் ஓடும் மின்துடிப்பை அது இந்த வழியில் பார்ப்பதில்லை.

கீழே வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு விஷயமே அடிப்படை. பொய் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இதயத்துடிப்புக்கும் மணிக்கட்டு நாடிக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பிறக்கின்றன.

வோட்ச் தருகிற எச்சரிக்கை மூன்று வகை: துடிப்பு அதிகம், துடிப்பு குறைவு, ஒழுங்கற்ற துடிப்பு. ஆப்பிள் வோட்ச்சில் முதல் இரண்டுக்கும் வாங்கும்போதே இருக்கும் எல்லைகள் 120, 40. நீங்கள் அசையாமல் இருப்பதாக வோட்ச்சுக்குத் தோன்றி, அந்த நிலையில் 10 நிமிடம் துடிப்பு 120க்கு மேலோ 40க்குக் கீழோ நின்றால் அது கையைத் தட்டும். சாம்சங் போன்ற மற்ற நிறுவனங்களின் வோட்ச்களும் ஏறக்குறைய இதே முறையில்தான் வேலை செய்கின்றன. மூன்றாவது வகை சற்று வேறுபட்டது, அதற்குப் பிறகு வருவோம்.

எச்சரிக்கை வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. எண் சரியா? எண் சரியென்றால், அதற்கு வோட்ச் கொடுக்கும் அர்த்தம் சரியா? காலி வீதியில் பின்னேரம் ஐந்தரை மணிக்குப் பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்கிறீர்கள். மேலே உள்ள கம்பியைப் பிடித்த கை அசைவதே இல்லை. வியர்த்துக் கொட்டுகிறது, மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்கவில்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடியும் வந்திருக்கிறீர்கள். துடிப்பு உண்மையாகவே 122. ஆனால் கை அசையாததால் வோட்ச் உங்களை ஓய்வில் இருக்கும் ஆளாகக் கணக்கெடுத்துவிட்டது. எண் சரி, அர்த்தம் பிழை. இறங்கி, தண்ணீர் குடித்து, நிழலில் கால் மணிநேரம் இருந்தபின் 90க்கு இறங்கினால் விஷயம் அவ்வளவுதான்.

எண்ணே பிழையாக இருக்கும் வகையும் உண்டு. அதில் ஒன்று மிகவும் நம்பும்படியாக வந்து வீட்டையே கலக்கிவிடும் என்பதால் அதை விரிவாகப் பார்ப்போம்.

மூன்று கருவியும் 38 என்று சொன்ன இரவு

உதாரணத்துக்கு, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 62. பிரஷருக்கு லொசார்டன் குளிசை எடுக்கிறார், வேறு வருத்தம் இல்லை. இரவுச் சாப்பாடு முடித்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, 8.40க்கு வோட்ச் அதிர்கிறது. 10 நிமிடமாகத் துடிப்பு 40க்குக் கீழே இருக்கிறது என்று திரையில் வருகிறது. மகன் ஓடி வருகிறார்.

"அம்மா, தலை சுத்துதா? நெஞ்சுக்க ஏதும் செய்யுதா?"

"இல்லையடா, நான் நல்லாத்தான் இருக்கிறன். இதுதான் சும்மா அடிச்சுக்கொண்டு நிக்குது."

மகன் முதலில் கேட்டது சரியான கேள்வி. கருவியைத் தொடும் முன் ஆளைப் பார்க்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவது, இருந்த இடத்திலேயே மூச்சு வாங்குவது, ஒரு பக்கக் கைகால் பலமிழப்பது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த பத்திகள் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆளைக் காரில் ஏற்றி நீங்களே ஓட்டிக்கொண்டு போவதைவிட அதுவே நல்லது, வழியில் மயங்கினால் கவனிக்க ஆள் இருக்கும்.

இங்கே அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே மகன் சரிபார்க்கத் தொடங்குகிறார். கொவிட் காலத்தில் வாங்கி லாச்சியில் போட்டு வைத்த ஒக்சிமீட்டரை விரலில் மாட்டுகிறார்: ஒட்சிசன் 97, துடிப்பு 39. பிரஷர் மெஷினைக் கையில் சுற்றுகிறார்: 132/78, துடிப்பு 38. கையால் நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணினாலும் 38தான் வருகிறது. இந்த இடத்தில்தான் எவருக்கும் வயிற்றைக் கலக்கும். மூன்று கருவி, ஒரு கை, எல்லாம் ஒரே பதில்.

ஆனால் நான்கும் எண்ணியது ஒரே பொருளைத்தான். வோட்ச் மணிக்கட்டில் ஒளியால் எண்ணுகிறது, ஒக்சிமீட்டர் விரல் நுனியில் ஒளியால் எண்ணுகிறது, பிரஷர் மெஷின் பட்டிக்குள் வரும் அதிர்வை எண்ணுகிறது, விரல் தொட்டு எண்ணுகிறது. நான்குமே கைவரை வந்த நாடியை மட்டும் அறியும். கைக்கு வராத துடிப்பு இருந்தால் நான்கும் சேர்ந்தே தவறவிடும்.

கைக்கு வராத துடிப்பு என்று ஒன்று இருக்குமா? இருக்கும். இதயத்தின் கீழறை சிலவேளை தன் முறை வருமுன்பே ஒரு தடவை சுருங்கிவிடும். இதை மிகையடி என்று சொல்வோம். ஆரோக்கியமான இதயத்திலும் இது வரும். முந்திக்கொண்டு சுருங்குவதால் அறைக்குள் இரத்தம் நிரம்ப நேரம் கிடைப்பதில்லை. அரைகுறையாக நிரம்பியதைத் தள்ளும்போது மணிக்கட்டுக்கு வரும் அலை மிகச் சிறியது, ஒளிக்கும் விரலுக்கும் தெரியாத அளவு சிறியது. அதன்பின் ஒரு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் அறை நன்றாக நிரம்பிவிடுவதால் அடுத்த அடி பலமாக விழும். "நெஞ்சுக்க திடுக்கெண்டு ஒண்டு உதைக்குது" என்று சிலர் சொல்வது அந்தப் பலமான அடியைத்தான்.

ஒரு நல்ல அடி, ஒரு மிகையடி, ஒரு நல்ல அடி, ஒரு மிகையடி என்று மாறி மாறி வந்தால் என்ன ஆகும்? இதயம் நிமிடத்துக்கு 76 தடவை அடிக்கும். கைக்கு அதில் பாதி, 38, மட்டும் வந்து சேரும். அந்த 38ம் சீராகவே வரும், ஏனென்றால் தவறுவது ஒன்றுவிட்டு ஒன்றாக. வோட்ச்சுக்கு அது மெதுவான, ஒழுங்கான இதயமாகத் தெரிகிறது.

இதை வீட்டில் ஊகிக்க ஒரு வழி உண்டு. மகன் அம்மாவின் இடது மார்புக்குக் கீழே உள்ளங்கையை வைக்கிறார் அல்லது காதை வைத்துக் கேட்கிறார். அதே நேரத்தில் மறு கையால் நாடியைப் பிடித்துக்கொள்கிறார். நாடியின் ஒரு தட்டுக்கு நெஞ்சில் இரண்டு துடிப்பு நெருக்கமாக விழுந்து, பிறகு ஒரு வெறுமை வந்தால், நெஞ்சு எண்ணுவது கையைவிடக் கூடுதல் என்று அர்த்தம். ஸ்டெதஸ்கோப் இருந்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். ஆனால் ஒரு சாதாரணத் துடிப்பிலேயே 'லப்', 'டப்' என்று இரண்டு ஒலி இருப்பதால் பழகாத காது குழம்பும். அந்த இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டும்.

இங்கே ஓர் எல்லைக்கோடு போட வேண்டும். நெஞ்சிலும் 38தான், சீராக, மெதுவாக என்றால் இதயம் உண்மையிலேயே மெதுவாக அடிக்கிறது. 62 வயதில், விழித்திருக்கும் நேரத்தில், அது மேலறையிலிருந்து கீழறைக்கு மின்செய்தி போகும் பாதையில் தடை ஏற்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். ஆள் நன்றாகத் தெரிந்தாலும் அன்றிரவே ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நெஞ்சில் கேட்பது என்னவென்று உங்களால் முடிவு செய்ய முடியாவிட்டாலும் அதையே செய்யுங்கள். நெஞ்சில் தெளிவாக இரட்டிப்பு விழுகிறது, பிரஷர் வழமைபோல இருக்கிறது, ஆள் சிரித்துப் பேசுகிறார் என்றால் மட்டும் விடியும்வரை பொறுக்கலாம். அன்றிரவு ஆள் தனியாகப் படுக்க வேண்டாம். இடையில் தலைசுற்றோ மயக்கமோ வந்தால் விடியலுக்குக் காத்திருக்காமல் 1990.

நம் ஆசிரியைக்கு இரட்டிப்பு விழுந்தது. மறுநாள் காலை எடுத்த ஈ.சி.ஜி. பதிவில் நிமிடத்துக்கு 76 துடிப்பு. ஒன்றுவிட்டு ஒன்று அகலமான, வடிவம் மாறிய மிகையடி. வோட்ச் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைச் சொன்னது. இதோடு கதை முடிவதுமில்லை. டொக்டர் இரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம், தைரொயிட் அளவுகளைப் பார்ப்பார், எக்கோ எடுக்கச் சொல்வார். ஹோல்டர் என்ற சிறு பதிவுக்கருவியை 24 மணிநேரம் நெஞ்சில் ஒட்டி, மிகையடிகள் மொத்தத் துடிப்பில் எத்தனை சதவீதம் என்று எண்ணுவார். ஒரு நாளில் இதயம் சுமார் 1 இலட்சம் தடவை அடிக்கும். அதில் சில நூறு மிகையடி வருவது பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டியதல்ல. 10 சதவீதத்தைத் தாண்டினால் நாளடைவில் இதயத்தசை பலவீனப்படக்கூடும் என்பதால் கவனமாகப் பின்தொடர்வார்கள். ஆக, இந்த எச்சரிக்கை எண்ணில் பிழை. ஆனாலும் அது ஓர் உபயோகமான கதவைத் திறந்தது.

நாடியைக் கையால் எண்ணுவது

சும்மா தெரியும் என்று நினைக்கும் வேலைதான், ஆனால் பலர் பிழையாகச் செய்கிறார்கள். கதிரையில் சாய்ந்து, கால் இரண்டையும் தரையில் வைத்து, பேசாமல் 5 நிமிடம் இருங்கள். வோட்ச் கட்டாத கையின் உள்ளங்கையை மேலே திருப்புங்கள். பெருவிரல் பக்கமாக, மணிக்கட்டு மடிப்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, மற்றக் கையின் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் மெதுவாக வையுங்கள். பெருவிரலால் பிடிக்கக்கூடாது, அதிலும் ஒரு நாடி ஓடுவதால் உங்கள் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். அழுத்திப் பிடித்தால் நாடி மறைந்துபோகும்.

முழுதாக 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவது சீரான நாடிக்குச் சரி. தாளம் தவறும் நாடிக்கு அது பிழையான விடையைத் தரும்: அந்த 15 நொடிக்குள் ஒரு துடிப்புத் தவறினால் விடையில் நாலு குறையும். எண்ணிக்கையோடு தாளத்தையும் கவனியுங்கள். நாடிக்கு ஏற்ப காலால் தரையைத் தட்டிப் பாருங்கள். கால் தானாகத் தாளம் பிடித்துக்கொண்டால் ஒழுங்கானது. ஒழுங்கான தாளத்தில் இடைக்கிடை ஒன்று விடுபடுவது மிகையடியின் குணம். அடுத்த தட்டு எப்போது விழும் என்று கால் ஒரு தடவைகூடக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடினால், அதுதான் வோட்ச் தேடுகிற ஒழுங்கற்ற துடிப்பு.

எண்ணியபின் கட்டாயமாகக் கால் மணிநேரம் விடுங்கள். நிமிடத்துக்கொரு தடவை திரையைத் தட்டித் தட்டிப் பார்ப்பவருக்குப் பயத்திலேயே துடிப்பு 20, 30 ஏறும். ஏறியதைப் பார்த்து இன்னும் பயப்படுவார். நேரம், எண், செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றை எழுதி வைத்துவிட்டு எழுந்து நடங்கள். கால் மணிநேரம் கழித்து ஒரே ஒரு தடவை மறுபடியும் எண்ணுங்கள்.

கையால் எண்ணியது 74, வோட்ச் காட்டுவது 128 என்றால் வோட்ச்சில்தான் கோளாறு. முதலில் பட்டியைப் பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, தோலோடு ஒட்டி, கையை உதறினாலும் நகராதபடி இருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் வெளிவெளிச்சம் உள்ளே புகும், நடக்கும்போது ஒவ்வோர் எட்டையும் வோட்ச் துடிப்பாக எண்ணவும் கூடும். சுறுசுறுப்பாக நடப்பவர் நிமிடத்துக்கு 110, 120 எட்டு வைப்பார், இந்த எண் இதயத்துடிப்பைப் போலவே தோன்றும். அடுத்தது கண்ணாடி. கொழும்புப் புழுக்கத்தில் வியர்வையும் பூசிய கிரீமும் சேர்ந்து கண்ணாடியில் படலமாகப் படியும், மெல்லிய ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நன்றாகக் குளிரூட்டிய அலுவலகத்தில் கை குளிர்ந்திருந்தால் தோலுக்கு வரும் இரத்தமே குறையும், அப்போதும் அளவு தடுமாறும். வோட்ச் உட்காரும் இடத்தில் பச்சை குத்தியிருந்தால் மை ஒளியை மறைக்கும், அதற்கு வழி மற்றக் கையில் கட்டுவதே.

ஒழுங்கற்ற துடிப்பு எச்சரிக்கை

இது தேடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒரு நிலையை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கே இரத்தம் தேங்கி உறையும். அந்த உறைவு மூளைக்குப் போனால் பாரிசவாதம். ஆகவே இதைக் கண்டுபிடிப்பதில் பயன் இருக்கிறது. ஆனால் எச்சரிக்கை வந்த நிமிடத்திலேயே அவசரம் என்று கொள்ளத் தேவையில்லை. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லையென்றால் சில நாள்களுக்குள் டொக்டரைப் பார்ப்பது போதும்.

ஆப்பிள் வோட்ச் இதை எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்தால் பதற்றம் பாதி குறையும். நீங்கள் அசையாமல் இருக்கும் நேரங்களில் அது இடைக்கிடை நாடியைப் பதிவு செய்து, துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும். ஒரு பதிவு தாறுமாறாக இருந்தால் உங்களிடம் ஒன்றும் சொல்லாது. இன்னும் அடிக்கடி பார்க்கத் தொடங்கும். 48 மணிநேரத்துக்குள் தொடர்ச்சியான ஆறு பதிவுகளில் ஐந்து தாறுமாறாக இருந்தால்தான் எச்சரிக்கை வரும். கையை ஒரு தடவை ஆட்டியதால் வந்துவிடும் எச்சரிக்கை அல்ல இது.

அப்படியும் பொய் எச்சரிக்கை வருகிறது. எவ்வளவு என்று பார்க்க ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 4,19,297 பேர் ஆப்பிள் வோட்ச் கட்டிக்கொண்டு பங்குபற்றிய ஆய்வு, 2019இல் வெளியானது. எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்கு மட்டும். 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் அது 3.1 சதவீதம், 22 முதல் 39 வயதுவரை உள்ளவர்களில் 0.16 சதவீதம். எச்சரிக்கை வந்தவர்களுக்கு நெஞ்சில் ஒட்டும் ஈ.சி.ஜி. பட்டையைத் தபாலில் அனுப்பினார்கள். அதை ஒட்டித் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கே அந்த நிலை பதிவானது.

இதைப் படித்ததும் மூன்றில் இரண்டு பொய் என்று முடிவு செய்யத் தோன்றும். அது அவசரம். இந்த நிலை, குறிப்பாக ஆரம்பத்தில், வந்து வந்து போகும். இரண்டு மணிநேரம் இருந்துவிட்டு ஒரு வாரம் தலைகாட்டாது. பட்டை கையில் கிடைக்கும்போது பல நாள்கள் ஓடிவிட்டன. பட்டை ஒட்டியிருந்த அதே வேளையில் வோட்ச்சும் எச்சரித்த சந்தர்ப்பங்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது 84 சதவீதம் சரியாக இருந்தது. மற்ற 16 சதவீதம்தான் அந்த நேரத்துப் பிழை என்று சொல்லத்தக்கது. அதற்கு அடிக்கடி வரும் மிகையடிகள் ஒரு காரணமாகும்.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுக்க வேண்டியது ஒன்று. எச்சரிக்கை வந்த மறுநாள் போய் எடுத்த ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது, ஆகவே வோட்ச் பொய் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரி ஈ.சி.ஜி. பார்ப்பது சில நொடிகளை மட்டும். எச்சரிக்கை மறுபடியும் வந்தால், அல்லது உங்களுக்கு 65 வயதைத் தாண்டியிருந்தால், பிரஷரோ நீரிழிவோ இருந்தால், ஹோல்டர் போடலாமா என்று கேளுங்கள். மறுபக்கம், 28 வயதில் ஒரே ஒரு எச்சரிக்கை, வேறு ஒன்றும் இல்லை, ஈ.சி.ஜி. சரி என்றால் டொக்டர் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதில் தவறில்லை.

உங்கள் வோட்ச்சில் ஈ.சி.ஜி. வசதி இருந்தால் எச்சரிக்கை வந்த உடனேயே ஒன்று எடுங்கள். வோட்ச் கட்டிய கையை மேசையில் அல்லது மடியில் வைத்து, மற்றக் கையின் விரலை ஆப்பிள் வோட்ச்சின் பக்கத்துச் சக்கரத்தில் அழுத்தாமல் 30 நொடி வைத்திருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து மறு கைவரை இதயத்தின் மின்சாரத்தையே இது பதிவு செய்வதால் ஒளியின் குறைபாடு இதற்கில்லை. நேரம் பொருந்திய அந்த அரை நிமிடப் பதிவு டொக்டருக்கு மிகவும் பெறுமதியானது. திரையில் 'Inconclusive' என்று வந்தாலும் அழிக்காதீர்கள், வோட்ச்சுக்குப் புரியாத கோட்டை டொக்டரின் கண் வாசிக்கும். இந்த வசதியும் ஒழுங்கற்ற துடிப்பு எச்சரிக்கையும் எல்லா நாட்டிலும் திறக்கப்பட்டிருப்பதில்லை. அமைப்புகளில் தேடியும் காணாவிட்டால் வோட்ச் பழுது என்று எண்ண வேண்டாம்.

இதை மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டும்: இந்த எச்சரிக்கைகள் எதுவும் மாரடைப்பைக் கண்டுபிடிப்பதில்லை, வோட்ச் ஈ.சி.ஜி.யும் அப்படித்தான். நெஞ்சை அமுக்குகிறது, இடது கைக்கும் தாடைக்கும் பரவுகிறது, வோட்ச்சில் 78, சீரான துடிப்பு. அந்த 78ஐ நம்பி வாயுப்பிடிப்பு என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது.

துடிப்பு அதிகம் என்று வந்தால்

உட்கார்ந்திருக்கும்போது 120க்கு மேல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதயத்துக்கு வெளியே இருக்கும். காய்ச்சல், தண்ணீர் குறைவு, இரத்தச்சோகை, தைரொயிட் கூடுதல், இழுப்புக்கு எடுக்கும் சல்பூட்டமோல், பயம். காய்ச்சலில் உடல் வெப்பம் 1 பாகை செல்சியஸ் ஏற, துடிப்பு சுமார் 10 ஏறும். வழமையில் 88 உள்ளவருக்கு வெப்பம் 37இலிருந்து 39.5க்குப் போனால் 113 வருவது கணக்குப்படி சரியே.

கொழும்பில் காய்ச்சல் என்றதும் டெங்குவை நினைக்க வேண்டும். அங்கே இந்தக் கணக்குத் தலைகீழாவது ஆபத்தின் அடையாளம். மூன்றாம், நான்காம் நாளில் காய்ச்சல் இறங்குகிறது, ஆனால் துடிப்பு இறங்காமல் ஏறுகிறது, கைகால் சில்லிடுகிறது, வயிறு வலிக்கிறது, சத்தி வருகிறது என்றால் இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிறது. உடனே ஆஸ்பத்திரி. வோட்ச்சை மறந்துவிட்டு ஆளைத் தூக்குங்கள். காய்ச்சலோடு படபடப்பு என்று அஸ்பிரினோ இபுபுரூஃபனோ கொடுத்துவிடவும் கூடாது, டெங்குவில் அது இரத்தப்போக்கைத் தூண்டும்.

இதயத்தின் பக்கமிருந்து வரும் வேகத்துக்கு ஒரு குணம் உண்டு: சட்டென ஏறும், சட்டென இறங்கும். 82இல் இருந்தது ஒரே தாவலில் 170, அரை மணிநேரம் அப்படியே நின்று, சுவிட்சை அணைத்ததுபோல் 85. வோட்ச் வரைபடத்தில் இது செங்குத்துச் சுவர்போலத் தெரியும். பயத்தாலோ வெயிலாலோ ஏறும் துடிப்பு மேடுபோல ஏறி மேடுபோல இறங்கும். ஓய்வில், காரணம் இல்லாமல், 150க்கு மேல் கால் மணிநேரம் தாண்டியும் நின்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வேகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கும் ஈ.சி.ஜி. நோயைக் காட்டிக்கொடுக்கும், நின்றபின் எடுப்பதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

எல்லையை மாற்றலாமா?

மாற்றலாம், டொக்டர் காரணத்தைப் பார்த்தபின். ஐபோனில் Watch செயலியைத் திறந்து Heart என்பதற்குள் போனால் High Heart Rate, Low Heart Rate இரண்டும் இருக்கும். குறைவுக்கு 40, 45, 50 ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம், அல்லது நிறுத்திவைக்கலாம். தினமும் ஓடும் இளைஞருக்கு ஓய்வில் 45 இருப்பது வழமை. அவர் எல்லையை 50இல் வைத்திருந்தால் இரவு முழுக்க வோட்ச் தட்டிக்கொண்டிருக்கும். பைசோப்ரோலோல், அட்டெனோலோல் போன்ற குளிசைகள் துடிப்பைக் குறைப்பதற்காகவே கொடுக்கப்படுகின்றன, அவற்றை எடுப்பவருக்கு நித்திரையில் 40களில் இறங்குவது பெரும்பாலும் எதிர்பார்த்ததே. வோட்ச் எச்சரித்தது என்று அந்தக் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் துடிப்பும் பிரஷரும் எகிறும். 40க்குக் கீழே அடிக்கடி போகிறது, பகலில் களைப்பு, தலைசுற்று என்றால் அளவைக் குறைப்பது டொக்டரின் வேலை.

மின்கலம் குறைந்து Low Power Mode இயங்கும்போது ஆப்பிள் வோட்ச் இந்த எச்சரிக்கைகளைத் தருவதில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பதாக ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டவருக்கும் 22 வயதுக்குட்பட்டவருக்கும் ஒழுங்கற்ற துடிப்பு எச்சரிக்கை உருவாக்கப்படவில்லை. புறக்கோட்டையில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பெயரில்லா வோட்ச்கள் 'ஒழுங்கற்ற துடிப்பு' என்று சொன்னால் அதை நாடியைக் கையால் எண்ணிப் பார்ப்பதற்கான ஒரு நினைவூட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டொக்டரிடம் போகும்போது தொலைபேசித் திரையை நீட்டி ஆறு மாத வரைபடத்தை உருட்டிக் காட்ட வேண்டாம், கிளினிக்கில் அதற்கு நேரம் இருக்காது. எச்சரிக்கை வந்த திகதியும் நேரமும், வோட்ச் காட்டிய எண், கையால் எண்ணியது, நெஞ்சில் கேட்டது, அப்போது செய்துகொண்டிருந்தது, உடம்பில் தெரிந்தது, எடுக்கும் குளிசைகளின் பெயரும் அளவும். அரைப் பக்கத் தாள் போதும். ஈ.சி.ஜி. இருந்தால் அதைப் பிடிஎஃப் ஆக எடுத்து அச்சிட்டுத் தாளோடு சேர்த்துக் குத்திக்கொண்டு போங்கள்.